ஸ்டீபனா, ஸ்டீவனா, ஸ்டீஃபனா?

கேள்வி: என் மகளை மணக்கவிருப்பவர் லண்டனில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர். திருமண அழைப்பிதழைத் தமிழிலும் அச்சிடுகிறோம். அவர் பெயரை ஒருவர் ஸ்டீபன் என்கிறார், இன்னொருவர் ஸ்டீவன் என்கிறார், அச்சகத்தில் ஸ்டீஃபன் என்று போட்டிருக்கிறார்கள். அவருடைய தந்தை பெயர் டேவிட். ஊரில் படிக்கிறவர்கள் சரியாகச் சொல்லும்படி எப்படி எழுதுவது?

பதில்:

ஸ்டீவன் என்று எழுதுங்கள். தந்தையின் பெயரை டேவிட் என்றே விட்டுவிடலாம். ஆனால் முதல் பெயரை முடிவு செய்வதற்கு முன் மாப்பிள்ளையிடம் ஒரு முறை அவர் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இந்தப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு ஒன்றாக இருந்தாலும் அதைச் சொல்லும் முறை இரண்டு உண்டு என்பதே காரணம்.

ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பெயரை ஸ்டீவன் என்றுதான் சொல்கிறார்கள். இயற்பியலாளர் ஹாக்கிங்கின் பெயரும் எழுத்தாளர் கிங்கின் பெயரும் அப்படித்தான் ஒலிக்கின்றன. நடுவில் பி, ஹெச் என்ற இரண்டு எழுத்துகள் நிற்பதால் அங்கே ‘ஃப’ ஒலி வரவேண்டும் என்று நாம் நினைக்கிறோம். அந்த எழுத்துக்கூட்டு கிரேக்க மூலப் பெயரான ஸ்டெஃபானோஸ் என்பதிலிருந்து வந்தது. ஆங்கில நாக்கில் அந்த இடத்தில் ஒலிப்பது வ. இதே பெயரை நடுவில் வி எழுத்து ஒன்றை மட்டும் போட்டு எழுதுகிற ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் ஏராளம். இரண்டு வகையாக எழுதினாலும் சொல்வது ஒன்றுபோலவே இருக்கும். விதிவிலக்கும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கர்ரி, ஹாக்கிங்கின் பெயருக்குரிய அதே எழுத்துக்கூட்டை வைத்துக்கொண்டு தம் பெயரை ஸ்டெஃபன் என்று குறில் எகரத்தோடு சொல்கிறார். ஆகவே எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிப்பதற்கு இந்தப் பெயர் இடம் கொடுப்பதில்லை. உங்கள் மாப்பிள்ளை லண்டன்காரர் என்பதால் ஸ்டீவன் என்றிருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனாலும் பெயருக்குரியவர் வாயிலிருந்து வருவதே முடிவு. கேட்கும்போது நீங்கள் முதலில் சொல்லிவிட்டு ‘சரிதானா’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

இனி, ஸ்டீபன் என்று எழுதினால் என்ன கெடுகிறது என்பதைப் பார்ப்போம். தமிழில் வல்லின எழுத்துகளுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். பல் என்பதில் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் ப வன்மையாக ஒலிக்கிறது. கப்பல் என்பதில் இரட்டித்து நிற்பதும் வன்மையாகவே ஒலிக்கிறது. கோபம், சாபம் என்னும் சொற்களில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ப மட்டும் குரல்நாண் அதிர மென்மையாக ஒலிக்கிறது. இதை யாரும் நமக்குப் பாடம் நடத்திச் சொல்லித் தரவில்லை. பேசிப் பழகிய நாக்கு தானே செய்கிறது. ஸ்டீபன் என்பதில் ப நிற்கும் இடமும் கோபத்தில் அது நிற்கும் இடமும் ஒன்றே: முன்னே நெடில் உயிர், பின்னே அகரம். எனவே அந்தப் பெயரை முன்பின் கேட்டிராத ஒருவர் படித்தால், கோபம் என்பதில் வரும் பகரத்தை அப்படியே கொண்டுவந்து வைப்பார். மாப்பிள்ளை தம் பெயரில் ஒருநாளும் கேட்டிராத ஒலி அது.

ஸ்டீபன் என்ற வடிவம் எப்படி வந்தது என்று பார்த்தால் அதில் இரண்டு படிகள் தெரிகின்றன. முதல் படியில் எழுத்துக்கூட்டைப் பார்த்து ஒலி ‘ஃப’ என்று கொண்டார்கள். இரண்டாம் படியில் அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால், ஆபீஸ், காபி என்று எழுதுகிற பழைய வழக்கப்படி ப போட்டார்கள். ஆபீஸ் என்பதை நாம் தவறாகப் படிப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் அந்தச் சொல் நமக்கு முன்பே தெரியும் என்பதுதான். எழுத்து நினைவூட்டுகிறது, ஒலியைக் காட்டுவதில்லை. அழைப்பிதழில் வருகிற ஓர் அயல்நாட்டுப் பெயருக்கு அந்த வசதி இல்லை. படிப்பவருக்கு எழுத்து ஒன்றே கையில் இருக்கிறது.

அச்சகத்தார் போட்ட ஸ்டீஃபன், முதல் படியின் தவறை வைத்துக்கொண்டு இரண்டாம் படியை மட்டும் திருத்துகிறது. ஆய்தத்தைப் பகரத்துக்கு முன்னால் வைத்து அந்த ஒலியைக் குறிப்பது இன்று நன்றாக வேரூன்றிவிட்ட வழக்கம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஒலியே ‘ஃப’ இல்லாத இடத்தில் அதைப் போடுவதுதான் பிழை. மாறாக, மாப்பிள்ளை கர்ரியைப் போல ஸ்டெஃபன் என்று சொல்கிறவராக இருந்தால் அப்போது ஆய்தம் கட்டாயம் வேண்டும். ஸ்டெபன் என்று எழுதினால் மறுபடியும் கோபத்தின் பகரம் வந்து நிற்கும். இங்கே ஒரு சுவையான செய்தி. ஆய்தம் குறிலுக்குப் பின்னும் உயிரேறிய வல்லினத்துக்கு முன்னும் வரும் என்பது தொல்காப்பிய விதி. எஃகு, அஃது எல்லாம் அப்படி அமைந்தவை. ஸ்டீஃபன் என்பதில் ஆய்தம் நெடிலுக்குப் பின் நிற்பதால் அந்த விதிக்கு வெளியே போகிறது. ஸ்டெஃபன் என்பதில் குறிலுக்குப் பின் பகரத்துக்கு முன் நிற்பதால், அந்த அளவில் பழைய இடத்திலேயே அமர்ந்துவிடுகிறது. ஒலி வேறு என்பது வேறு விஷயம்.

வகரத்துக்கு வருவோம். ஆங்கில ஒலியில் மேற்பல் கீழுதட்டில் பட்டு, இடையே காற்று உரசிக்கொண்டு வெளியேறும். தமிழ் வகரத்திலும் மேற்பல்லும் கீழுதடுமே நெருங்குகின்றன; உரசல் மட்டும் குறைவு. நம் எழுத்துகளில் இதைவிட நெருக்கமானது வேறு இல்லை, தேவையும் இல்லை. தந்தையின் பெயரிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. டேவிட் என்பதை எவரும் டேபிட் என்று எழுதுவதில்லை. அங்கே ஆங்கிலத்தில் வி எழுத்து கண்ணுக்குத் தெரிவதால் கை தானாக வகரம் போடுகிறது. மகன் பெயரில் ஒலிப்பதும் அதே ஒலிதான். எழுத்துக்கூட்டு மறைத்துவிட்டது, அவ்வளவே.

முதல் அசையான ஸ்டீ என்பதில் இரண்டு சிக்கல்களை எதிர்பார்க்கலாம். நல்வேளையாக இரண்டும் தாமே தீர்ந்துவிடுகின்றன. டகரமும் பகரத்தைப் போலவே இடத்துக்கு இடம் மாறுவது: பாடம், வண்டி என்பவற்றில் மென்மை, பட்டம் என்பதில் வன்மை. ஆனால் ஸகர ஷகர மெய்களுக்குப் பின் அது எப்போதும் வன்மையாகவே நிற்கும். கஷ்டம், நஷ்டம், இஷ்டம் என்று சொல்லிப் பாருங்கள். எனவே ஸ்டீ என்று எழுதினால் படிப்பவர் வேறு வகையில் ஒலிக்க வழியே இல்லை. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் தனியே வரும் இந்த வல்லொலி மூச்சுக்காற்றோடு வெடித்து வரும். ஸகர ஒலிக்குப் பின்னால் வரும்போது அந்த மூச்சு அடங்கிவிடும். தமிழ் வல்லினத்தில் மூச்சு கிடையாது. ஆகவே இந்த ஓரிடத்தில் ஆங்கிலேயர் நாக்கும் நம் நாக்கும் வழக்கத்தைவிட அருகில் வருகின்றன. நாக்கின் நுனியை நாம் சற்று மடித்து மேலண்ணத்தில் வைக்கிறோம், அவர்கள் பல்லின் பின்மேட்டில் வைக்கிறார்கள் என்ற வேறுபாடு மட்டும் மிஞ்சும். அதை எழுத்தால் சரிசெய்ய முடியாது, மாப்பிள்ளையும் அதைப் பொருட்படுத்த மாட்டார்.

நெடில் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஸ்டிவன் என்று குறிலாகப் போனால் பெயர் உடனே வேறாகிவிடும். ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. தமிழில் அழுத்தத்தைக் காட்டக் குறி எதுவும் இல்லாவிட்டாலும், ஈகார நெடில் அங்கே நிற்பதால் படிப்பவரின் குரல் இயல்பாகவே முதல் அசையில் தங்கி, இரண்டாம் அசையை விரைவாகக் கடந்துவிடும். குறில் போட்டால் அழுத்தமும் போய்விடும்.

கடைசி அசையில் வன், வென், வின் என்று மூன்று வடிவங்களைப் பார்த்திருக்கிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டில் ஈ என்ற எழுத்து இருப்பதால் வென் என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கே எகரம் ஒலிப்பதில்லை. வாயை அதிகம் திறக்காமல், நாக்கை எங்கும் கொண்டுபோகாமல் சொல்லும் ஒரு சோம்பல் உயிர்தான் அங்கே இருக்கிறது. தமிழ் எழுத்தில் அதற்குத் தனி வடிவம் கிடையாது என்றாலும், தமிழ் அகரம் சொல்லின் முதலசையைத் தாண்டியதும் ஏறக்குறைய அப்படித்தான் மங்கி ஒலிக்கிறது. கண்ணன் என்பதின் முதல் அகரத்தையும் இரண்டாம் அகரத்தையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். எனவே வன் என்பதே பொருந்தும். இறுதியில் வரும் னகரத்தைப் பற்றி ஐயமே வேண்டாம்; நாக்கு தொடும் இடம் உட்பட ஆங்கில ஒலியும் அதுவே.

இப்படி எழுதுவதில் கூடுதலாக ஒரு நன்மை கிடைக்கிறது. ஸ்டீவன் என்பது மாதவன், கேசவன் என்பவற்றைப் போல அன் ஈற்றுப் பெயராக அமைந்துவிடுவதால் வேற்றுமை உருபுகள் தடையின்றி ஏறுகின்றன. ஸ்டீவனை, ஸ்டீவனுக்கு, ஸ்டீவனுடைய என்று எழுதலாம். னகரத்தை இரட்டித்து ஸ்டீவன்னுக்கு என்று எழுதுவதைச் சில இடங்களில் காண்கிறேன். ராமன்னுக்கு என்று நாம் எழுதுவதில்லை, ஆகையால் இதற்கும் இரட்டிப்பு வேண்டாம். அழைப்பிதழில் ‘ஸ்டீவன் அவர்களுக்கும்’ என்று வரப்போவதால் பெயர் மாறாமல் அப்படியே நிற்கும்.

வீட்டில் அவரை ஸ்டீவ் என்று சுருக்கி அழைக்கக்கூடும். அழைப்பிதழில் அடைப்புக்குள் அதையும் போடலாமா என்று நீங்கள் நினைத்தால், வேண்டாம் என்பேன். தமிழ்ச் சொற்கள் வகர மெய்யில் முடிவது மிக அரிது. அவ், இவ், உவ், தெவ் என்ற நான்கே சொற்கள்தான் என்று இலக்கணம் கணக்கிட்டுச் சொல்கிறது, அவற்றிலும் எதையும் இன்று நாம் தனியே பேசுவதில்லை. அதனால் ஸ்டீவ் என்று எழுதினாலும் படிப்பவர் ஓர் உகரத்தைச் சேர்த்து ஸ்டீவு என்றுதான் சொல்வார். முழுப் பெயர் தமிழ் நாக்குக்கு எளிது. சுருக்கப் பெயர்தான் கடினம்.

கிரந்த எழுத்து வேண்டாம் என்று குடும்பத்தில் மூத்தவர் யாரேனும் சொன்னால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே முன்னோர் இத்தகைய சொற்களில் ஸகரத்தைக் கழற்றிவிட்டு ஸ்தலத்தைத் தலம் என்றும் ஸ்தம்பத்தைத் தம்பம் என்றும் ஆக்கிக்கொண்டார்கள். கிராமங்களில் ஸ்டேஷன் டேசன் ஆனதும் அதே வழியில்தான். இங்கே அப்படிச் செய்தால் டீவன் என்று நிற்கும். அந்தப் பெயரில் மாப்பிள்ளையை யாரும் அடையாளம் காண மாட்டார்கள். அடுத்த வழி, முன்னால் இகரம் சேர்த்து ஸகரத்தைச் சுகரமாக்குவது. இதைச் செய்கிற பலர் இசுடீவன் என்று எழுதிவிடுகிறார்கள். கிரந்தம் போய்விட்டது, ஆனால் ஒலி கெட்டுவிட்டது. டகரம் இப்போது சு என்பதின் உகரத்துக்கும் ஈகாரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டதால் பாடம் என்பதில் வருவதுபோல மென்மையாகிவிடும். வன்மையைக் காக்க வேண்டுமானால் இரட்டித்து இசுட்டீவன் என்று எழுத வேண்டும். இகரம் இல்லாமல் சுட்டீவன் என்று எழுதினால் யாரையோ சுட்டுவிட்டு வந்தவர் போலத் தோன்றும்; கல்யாணப் பத்திரிகைக்கு அது ஆகாது. என் கருத்தைக் கேட்டால், சொந்தப் பெயருக்கு ஸகரத்தை ஏற்றுக்கொள்வதே நல்லது. ஸ்டாலின் என்ற பெயரைத் தமிழ்நாட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவர் இல்லை. அந்த ஸ்டாவைப் படிக்கிறவர் இந்த ஸ்டீயையும் படித்துவிடுவார். சிலர் வாயில் இஸ்டீவன் என்று ஒரு சிறு இகரம் முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். அது வாய் தானே சேர்த்துக்கொள்வது. எழுத்தில் நாம் சேர்க்க வேண்டியதில்லை.

உறவினரில் யாழ்ப்பாணத்தார் இருந்தால் அவர்கள் வேறு வடிவத்தை எதிர்பார்க்கலாம். ஈழத்து வழக்கில் ஆங்கிலத்தின் இந்த வல்லொலியை டகரத்தால் எழுதாமல் றகர ரகரங்களால் எழுதும் மரபு வலுவாக உண்டு. டொரன்டோ என்று நாம் எழுதும் கனடா நகரத்தை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. வெற்றி, காற்று என்பவற்றின் இரட்டை றகரத்தை அவர்கள் நாக்கை மடிக்காமல் பல்லின் பின்மேட்டிலேயே வைத்து ஒலிக்கிறார்கள். ஆங்கில ஒலி பிறக்கும் இடமும் அதுதான். ஒலிநூல் நோக்கில் அவர்கள் முறை நம்முடையதைவிடத் துல்லியமானது என்றே சொல்லலாம். ஆனால் இந்தப் பெயரில் அம்முறையைக் கையாண்டால் ஸகரமும் ரீயும் சேர்ந்து ஸ்ரீவன் என்று நிற்கும். கணினி எழுத்துரு அவற்றை ஒன்றாக்கி, திருவைக் குறிக்கும் ஸ்ரீ எழுத்தாகவே காட்டிவிடும். தமிழ்நாட்டில் படிக்கிறவர் அதை வேறு எப்படியும் படிக்க முடியாது. உங்கள் அழைப்பிதழ் தமிழ்நாட்டு ஊருக்கு என்பதால் டகரமே இருக்கட்டும்.

தந்தையின் பெயருக்கு வருகிறேன். டேவிட் என்பதின் முதல் டகரம் மென்மையாக ஒலிக்க வேண்டும். அதைக் காட்ட எழுத்தில் எந்த வழியும் இல்லை. டகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதே கிடையாது. வருவதெல்லாம் வெளியிலிருந்து வந்த சொற்கள். அவற்றில் டீ, டேபிள் என்பன வன்மையாகவும் டைரி, டஜன் என்பன மென்மையாகவும் ஒலிக்கின்றன. டாக்டர் என்பதிலோ முதல் டகரம் மென்மை, அடுத்தது வன்மை. எந்தச் சொல்லுக்கு எது என்பது படிப்பவரின் நினைவில்தான் இருக்கிறது. டேவிட் நம் ஊரில் நன்கு பழகிய பெயர் என்பதால் அந்த நினைவு கைகொடுக்கும்; பழகாத பெயராக இருந்தால் பக்கத்தில் ஆங்கில எழுத்தையும் போடச் சொல்லியிருப்பேன்.

இறுதி டகரமும் ஆங்கிலத்தில் மென்மையானதுதான். டேவிட் என்று புள்ளி வைத்து முடித்தால் தமிழ் நாக்கு அதை வன்மையாக்கி முடிக்கும். உகரம் சேர்த்து டேவிடு என்று எழுதினால் டகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்துவிடுவதால் மென்மை கிடைக்கும்; நாடு, வீடு என்பவற்றில் போல அந்த உகரமும் குறைந்து ஒலிக்கும் என்பதால் ஆங்கில ஒலிக்கு உண்மையிலேயே நெருக்கமாக வரும். ஆனாலும் டேவிட் என்ற வடிவத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெடுங்காலமாகக் கண்ணுக்குப் பழகிய வடிவத்தை ஒரு மெய்யின் மென்மைக்காக மாற்றினால், படிப்பவர் ஒலியைக் கவனிப்பதற்குப் பதில் எழுத்தைக் கண்டு தயங்குவார். மேலும், உருபு ஏறியவுடன் இந்தக் குறை தானே மறைந்துவிடுகிறது. டேவிடுக்கு, டேவிடின் என்று வரும்போது டகரம் உயிர்களுக்கு இடையே வந்து மென்மையாகிவிடும். ‘டேவிட் அவர்களின் மகன்’ என்று சேர்த்துப் படித்தாலும் அப்படியே.

ஸ்டீபனுக்கு மட்டும் இந்தச் சலுகையை ஏன் தரவில்லை என்று நீங்கள் கேட்கலாம், ஏனெனில் அதுவும் பழகிய வடிவம்தான். தமிழ்நாட்டுக் கிறித்தவக் குடும்பங்களில் ஸ்டீபன் என்ற பெயருடையவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள், அவர்கள் பெயருக்கு அதுவே சரியான எழுத்து. பழைய தமிழ் விவிலியத்தில் இதே பெயர் ஸ்தேவான் என்று வருகிறது, அதுவும் அதனளவில் சரி. அவற்றைத் திருத்துவது நம் வேலை அன்று. ஆனால் டேவிட் என்ற வடிவம் ஒரு மெய்யின் மென்மையை மட்டும் இழக்கிறது, கேட்பவருக்குப் பெயர் புரிந்துவிடுகிறது. ஸ்டீபன் என்பதோ ஒரு மெய்யையே வேறு மெய்யாக்குகிறது. ஒலிபெருக்கியில் டேவிட் என்று கேட்டால் தந்தைக்கு அது தம் பெயராகவே கேட்கும். மணமேடையில் நிற்கும் மாப்பிள்ளைக்கு ஸ்டீபன் என்பது வேறு யாரையோ அழைப்பதுபோல் இருக்கும். அவருக்கு ஏற்கெனவே ஏதேனும் தமிழ் ஆவணத்தில் ஸ்டீபன் என்று பதிவாகியிருந்தால் மட்டும் அந்த ஆவணத்தோடு தொடர்புள்ள தாள்களில் அப்படியே தொடருங்கள். அழைப்பிதழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எழுதியது சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. மாப்பிள்ளையை அறியாத, அவர் பெயரைக் கேட்டிராத ஒருவரிடம் தமிழ் வடிவத்தை மட்டும் தாளில் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லி, கைப்பேசியில் பதிந்து மாப்பிள்ளைக்கு அனுப்புங்கள். படிப்பவர் சற்று வயதானவராகவும் ஆங்கிலம் அதிகம் புழங்காதவராகவும் இருந்தால் நல்லது. ஆங்கிலம் நன்கு அறிந்தவர் எழுத்தைப் பார்க்காமல் பெயரை ஊகித்துச் சொல்லிவிடுவார், சோதனை பயன்படாது.

கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக்கும் விசைப்பலகையைப் பயன்படுத்தினால் அது முன்வைக்கும் வடிவத்தை அப்படியே ஏற்றுவிடாதீர்கள். stephen என்று அடித்தால் அதற்குத் தெரிவது எழுத்துக்கூட்டுதான், மாப்பிள்ளையின் குரல் அன்று. steevan என்று ஒலிப்படி அடித்தால் வேண்டிய வடிவத்துக்கு அருகில் வரும்.

கடைசியாக, அச்சகத்தில் மெய்ப்பு வரும்போது இந்த ஒரு சொல்லைத் தனியே பாருங்கள். அழைப்பிதழ் அச்சகங்கள் பலவற்றில் இன்றும் நீங்கள் அனுப்பிய எழுத்தை அப்படியே எடுக்காமல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் புதிதாக அடிக்கிறார்கள். அந்த எழுத்துருவில் டி, டீ இரண்டும் ஒரே விசையில் இருக்கின்றன: சிறிய b டி, பெரிய B டீ. மேல்விசையை அழுத்த மறந்தால் ஸ்டிவன் என்று வந்துவிடும். வகரம் t விசையிலும் பகரம் அதற்குச் சற்றுக் கீழே g விசையிலும் இருப்பதால் விரல் ஓர் அடுக்கு இறங்கினாலே ஸ்டீவன் ஸ்டீபன் ஆகிவிடும். அடிப்பவரின் கண்ணுக்கு அது பழகிய பெயராகத் தெரியும் என்பதால் அவர் அதைப் பிழையாகவே காண மாட்டார். அட்டையில் மாப்பிள்ளையின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருமானால் ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பார்த்துக் கையொப்பமிடுங்கள். உறையின் மேல் அச்சாகும் பெயர் பெரும்பாலும் தனியாக அடிக்கப்படுவது. அதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.